பச்சையாக மின்னிய 12 காலனிகள்

நான் முதன்முதலாகப் பொறுக்கி எடுத்த 12 காலனிகளில் ஒன்றுகூட உருப்படவில்லை.

தோல் செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றும் வேலை அது. மனிதத் தோலிலிருந்து எடுத்து வளர்த்த ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்குள் நான்கு மரபணுக்களை வைரஸில் ஏற்றி அனுப்ப வேண்டும். மூன்று நான்கு வாரம் மீடியம் மாற்றிக்கொண்டே காத்திருந்தால், தட்டு முழுக்கப் பரவிக் கிடக்கும் செல்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னத் திட்டுகள் முளைக்கும். ஒரு செல்லின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நெருக்கியடித்துக் குடியிருக்கும் அந்தத் திட்டைத்தான் காலனி என்போம். நல்ல காலனியாகப் பார்த்து எடுத்துத் தனியாக வளர்த்தால் நரம்பு, இதயத் தசை, ஈரல் என்று எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல் கிடைக்கும். இதற்கு ஐ.பி.எஸ். செல் என்று பெயர்.

வைரஸ் சரியாக உள்ளே போயிருக்கிறதா என்று தெரிய வேண்டுமே என்று, நான்கோடு ஐந்தாவதாக ஒரு வைரஸையும் சேர்த்திருந்தோம். அதில் இருந்தது பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணு. நீல ஒளியில் பார்த்தால், வைரஸ் புகுந்த செல்லெல்லாம் பச்சையாக மின்னும். பதினாறாம் நாள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். தட்டு முழுக்கத் திருவிழா. அதில் கொழுகொழுவென்று, மற்றதை விடப் பிரகாசமாக இருந்த 12 காலனிகளை வட்டமிட்டு வைத்தேன். என் கணக்கு எளிமையானது: எவ்வளவு பச்சையோ அவ்வளவு வைரஸ், எவ்வளவு வைரஸோ அவ்வளவு நல்ல மாற்றம்.

எங்கள் ஆய்வகத்தில் மூத்தவரான அக்கா ஒருவர் எட்டிப் பார்த்தார். "எல்லாம் அரைவேக்காடு. இன்னும் பத்து நாள் போகட்டும்" என்றார். நான் கேட்கவில்லை. எடுத்தேன். சில காலனிகள் புதுத் தட்டில் ஒட்டவே இல்லை. ஒட்டியவை வேகவேகமாகப் பெருகின, ஆனால் சொரசொரவென்று ஒழுங்கில்லாத குவியலாக. மாதக் கடைசியில் சோதித்துப் பார்த்தபோது ஸ்டெம் செல்லுக்குரிய முக்கிய அடையாளங்கள் எதிலும் இல்லை.

நான் எங்கே தவறினேன் என்பதைப் புரியவைக்க, இந்த வித்தை எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதிலிருந்து வரவேண்டியிருக்கிறது.

தோல் செல்லிடம் தோலுக்கான மரபணு மட்டுமா இருக்கிறது? இல்லை. மூளைக்கானது, ரத்தத்துக்கானது, முழு உடம்பைக் கட்டுவதற்கானது எல்லாமே அதன் உட்கருவுக்குள் இருக்கின்றன. 1962-இல் ஜான் கர்டன் தவளைக் குஞ்சின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கருவின் வேலை முடக்கப்பட்ட முட்டைக்குள் வைத்து இதைக் காட்டினார். அந்த முட்டைகளில் சில வளர்ந்து முழு உயிராயின. 1996-இல் டாலி ஆடும் அதே வழியில் பிறந்தது. ஆக, முட்டைக்குள் இருக்கும் ஏதோ ஒன்று, முதிர்ந்த உட்கருவைப் பின்னோக்கி அழைத்துப் போகிறது. அது என்ன? எத்தனை பொருள்கள்? நூறா, ஆயிரமா? யாருக்கும் தெரியாது.

ஜப்பானில் ஷின்யா யாமனாகாவும் கசுதோஷி தகாஹாஷியும் இதை எதிர்ப்பக்கத்திலிருந்து அணுகினார்கள். கரு ஸ்டெம் செல்லைக் கரு ஸ்டெம் செல்லாகவே வைத்திருக்க உதவும் மரபணுக்கள் எவை என்று பார்த்து, அதுவரை வெளியான தகவல்களிலிருந்தும் தங்கள் சொந்த வேலையிலிருந்தும் 24 பேர் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்தார்கள். பட்டியலில் கணிசமானவை படியெடுத்தல் காரணிகள். அதாவது டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட எழுத்துக்கோவையைத் தேடிப் போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் மரபணுவை எழுப்பியோ அடக்கியோ வைக்கிற புரதங்கள்.

சரி, பட்டியல் இருக்கிறது. மாற்றம் நடந்தால் எப்படித் தெரியும்? அங்கேதான் அவர்களுடைய பொறி. எஃப்.பி.எக்ஸ்.15 என்றொரு மரபணு எலியின் கரு ஸ்டெம் செல்லில் விழித்திருக்கும், தோல் செல்லில் தூங்கும். அது இல்லாவிட்டாலும் எலிக்கு ஒரு குறையும் இல்லை. அந்த இடத்தில், ஜி418 என்ற மருந்திலிருந்து செல்லைக் காப்பாற்றும் மரபணுவைப் பொருத்திய எலிகளை உருவாக்கி வைத்திருந்தார்கள். அந்த எலியின் சாதாரண செல்லில் மருந்தை ஊற்றினால் செத்துப்போகும். ஸ்டெம் செல்லை நோக்கி நகர்ந்த செல் என்றால் பிழைத்துக்கொள்ளும். ஒரு தட்டில் பல லட்சம் செல் செத்து ஒன்றே ஒன்று பிழைத்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு மரபணுவாகத் தனித்தனியே போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் பிழைக்கவில்லை. இரண்டிரண்டாக, மூன்று மூன்றாகப் போட்டுப் பார்க்கலாம்தான். ஆனால் 24 மரபணுக்களில் சேர்க்கை எத்தனை தெரியுமா? 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல். ஆயுள் போதாது. அதனால் 24-ஐயும் ஒன்றாகக் கலந்து ஊற்றினார்கள். 22 காலனிகள் முளைத்தன. அடுத்த படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. சேர்த்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, 24-இல் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார்கள். 23 வைரஸ்கள் கொண்ட கலவை, 24 விதமாக. எதைக் கழித்தால் காலனி வரவில்லையோ அது முக்கியமானது. கழித்துப் பார்க்கலாம் என்ற யோசனை தகாஹாஷியுடையது என்பதை யாமனாகா சொற்பொழிவுகளில் சொல்லி மகிழ்ந்திருக்கிறார். சமையலில் என்ன குறைகிறது என்று தெரியாதபோது ஒவ்வொரு பொருளாக விட்டுவிட்டுச் சமைத்துப் பார்க்கிற பொறுமை அது.

அப்படிக் கழித்ததில் 10 தேறின. அந்த 10-ஐ மட்டும் கலந்து ஊற்றியபோது 24-இல் கிடைத்ததை விட அதிகக் காலனிகள் வந்தன. பத்திலும் கழித்தல் தொடர்ந்தது. ஆக்ட்-4 அல்லது கே.எல்.எஃப்-4 இல்லையென்றால் காலனியே இல்லை. சாக்ஸ்-2 இல்லையென்றால் ஏதோ பெயருக்குச் சில. சி-மிக் இல்லையென்றால் காலனி வந்தது, ஆனால் ஸ்டெம் செல் போல இல்லாமல் தட்டையாக இருந்தது. ஆக நான்கு. ஸ்டெம் செல் ஆட்களெல்லாம் பெரிதும் நம்பியிருந்த நானாக் மரபணு, பட்டியலில் இருந்தும் இந்த நான்கில் இல்லை. 2006-இல் எலியில் இது வெளியானது. 2012-இல் கர்டனும் யாமனாகாவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்த நான்கும் உள்ளே போய் என்னதான் செய்கின்றன? தோல் செல்லில் ஸ்டெம் செல்லுக்கான மரபணுக்கள் சும்மா மூடிக் கிடப்பதில்லை. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் இறுக்கிச் சுற்றப்பட்டிருக்கும். அதன் மேல் மீத்தைல் என்ற வேதிக் குறிகளும் ஒட்டியிருக்கும். பெரும்பாலான காரணிகள் அவ்வளவு இறுக்கமான இடத்தில் உட்கார முடியாமல் திரும்பிவிடும். ஆக்ட்-4, சாக்ஸ்-2, கே.எல்.எஃப்-4 ஆகிய மூன்றுக்கும் மட்டும், சுற்றிய நிலையிலேயே டி.என்.ஏ.வைத் தொட்டுப் பிடிக்கிற திறமை உண்டு. அவை பிடித்த இடத்தில் இழை மெல்ல நெகிழும். சி-மிக் வேறு மாதிரி ஆள். செல்லை வேகமாகப் பெருகச் சொல்லி விரட்டுவது அதன் வேலை. விரட்டினால் என்ன ஆகும்? செல்லுக்குள் காவல் இருக்கும் பி53 இதைப் புற்றுநோயின் தொடக்கம் என்று நினைத்து, செல்லை நிறுத்திவிடும் அல்லது கொன்றுவிடும். புகுந்த செல்களில் ஏராளமானவை இந்தக் கட்டத்திலேயே போய்விடுகின்றன.

தப்பியவை முதலில் உருவத்தை மாற்றுகின்றன. நீளமாக, தனித்தனியாகத் திரிந்த தோல் செல்கள் குட்டையாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இது முதல் சில நாட்களிலேயே நடந்துவிடும். ஆனால் உள்ளே, செல்லின் சொந்த ஆக்ட்-4, சொந்த நானாக் எல்லாம் விழிப்பது வெகு தாமதமாகத்தான். பெரும்பாலான செல்கள் அதுவரை போவதே இல்லை.

பேட்டரி இறங்கிப்போன வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது போலத்தான் இது. வைரஸ் கொண்டுவந்த நான்கு மரபணுக்களும் பின்னாலிருந்து தள்ளுகிற நான்கு பேர். தள்ளுகிற வரை வண்டி ஓடும். எஞ்சின் பிடித்துக்கொண்டால்தான், கையை எடுத்த பிறகும் ஓடும். செல்லில் எஞ்சின் என்பது அதன் சொந்த ஆக்ட்-4, சாக்ஸ்-2, நானாக். இவை மூன்றும் ஒன்றையொன்று எழுப்பும், தன்னைத் தானும் எழுப்பும். ஒருமுறை அந்தச் சுழற்சி பிடித்துவிட்டால் வெளியிலிருந்து யாரும் தள்ள வேண்டியதில்லை.

இப்போது என் பச்சைக் காலனிகளுக்கு வருகிறேன். நாங்கள் பயன்படுத்தியது ரெட்ரோவைரஸ். அது தன் சரக்கைச் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடும். ஆனால் உண்மையான ஸ்டெம் செல்லிடம் ஒரு பிடிவாதம் உண்டு. இந்த மாதிரி வைரஸ் செருகல்களை அது கண்டுபிடித்து வாயைக் கட்டிவிடும். எனவே ஒரு செல் முழுதாக மாறிவிட்டால், வைரஸ் கொண்டுவந்த நான்கு மரபணுக்களும் அடங்கிப்போகும். கூடவே அந்தப் பச்சையும் அணைந்துவிடும்!

நான் பொறுக்கியது எதை? எது இன்னும் பிரகாசமாக மின்னியதோ அதை. அதாவது பின்னாலிருந்து இன்னும் தள்ளிக்கொண்டே இருந்ததால் மட்டும் ஓடிய வண்டிகளை, நானே தேடித் தேடி. அக்கா சொன்ன பத்து நாள் கழித்து வேறொரு தட்டை நீல ஒளியில் காட்டினார். பச்சைக் கடல். நடுவில் ஓரிடத்தில், யாரோ ஓட்டை போட்ட மாதிரி, ஒரு கறுப்பு வட்டம். சாதாரண வெளிச்சத்துக்கு மாற்றினார். அந்த ஓட்டைக்குள் ஓரம் வெட்டினாற்போல, தட்டையாக, அழகாக ஒரு காலனி உட்கார்ந்திருந்தது. "இருட்டாக இருப்பதைத் தேடு" என்றார். அவ்வளவுதான் பாடம்.

எனக்கு மட்டும் நடந்த அசட்டுத்தனம் இல்லை இது என்பதில் கொஞ்சம் ஆறுதல். 2006-இன் அந்த அருமையான பொறியே ஓட்டைப் பொறிதான். எஃப்.பி.எக்ஸ்.15 சற்று அவசரப்பட்டு விழிக்கிற மரபணு. அதனால் பாதி வழி வந்த செல்லும் மருந்திலிருந்து தப்பித்துவிடும். முதலில் கிடைத்த அந்தச் செல்களை எலிக் கருவில் கலந்து வைத்தபோது, முழுதாகப் பிறந்து வளர்ந்த கலப்பு எலி கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு பொறியை நானாக் மரபணுவுக்கு மாற்றினார்கள். நானாக் தாமதமாக விழிப்பது. முழுதாக மாறாத செல்லுக்கு அது சுலபத்தில் இடம் கொடுக்காது. அதில் தேறிய செல்கள் கலப்பு எலியாகவும் வளர்ந்தன, அந்த எலியின் குட்டிகளுக்கும் போய்ச் சேர்ந்தன. மரபணுக்கள் அதே நான்கு. தேர்ந்தெடுத்த விதம்தான் மாறியது.

மனிதச் செல்லில் இந்தப் பொறி வசதி இல்லை. எந்த நோயாளியின் தோலிலும் முன்கூட்டியே மருந்து எதிர்ப்பு மரபணுவைச் செருகி வைத்திருக்க முடியாதல்லவா? 2007 நவம்பரில் யாமனாகா குழு மனிதத் தோல் செல்லில் இதைச் செய்து காட்டியபோது, கண்ணால் பார்த்துத்தான் பொறுக்கினார்கள். 50,000 செல்களுக்குச் சுமார் 10 நல்ல காலனிகள். அதே தட்டில் சுமார் 100 சொரசொரப்பான பொய்க் காலனிகள். இரண்டாவது வாரத்திலேயே முளைத்துவிடுகிறவை இந்தப் பொய்கள். நல்லவை 25-ஆம் நாள் வாக்கில்தான் தலைகாட்டின. ஒன்றுக்குப் பத்து பொய், அதுவும் முந்திக்கொண்டு வருகிற பொய். அன்று நான் அவர்களுடைய கட்டுரையின் அந்தப் பக்கத்தைத் தாமதமாகப் படித்தேன், அப்புறம் என்ன.

அடுத்த சுற்றில் 26-ஆம் நாள் வரை கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். இம்முறை பார்த்த அடையாளங்கள் வேறு. ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும், வெளியே செல்கள் சிதறி ஓடக் கூடாது. ஒவ்வொரு செல்லிலும் உட்கரு பெரிதாக, சுற்றியுள்ள சைட்டோபிளாசம் ஒரு மெல்லிய விளிம்பாக மட்டும் இருக்க வேண்டும். உட்கருவுக்குள் ஒன்றிரண்டு கரும்புள்ளிகள் பளிச்சென்று தெரிய வேண்டும். முக்கியமாக, நீல ஒளியில் இருட்டு. அதோடு டி.ஆர்.ஏ-1-60 என்ற மேற்பரப்பு அடையாளத்தைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் சிவப்புச் சாயத்தோடு ஊற்றினோம். உயிரோடு இருக்கும்போதே செல்லுக்குக் கேடில்லாமல் பார்க்க முடிகிற அடையாளம் அது. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதிச் சோதனையும் உண்டு. மலிவானது, சுலபமானது. அதில் அரைவேக்காடும் அழகாகச் சிவக்கும் என்பதால் அதை மட்டும் நம்பி எடுக்க மாட்டோம்.

பொறுக்குவது கைவேலை. தட்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, மெல்லிய ஊசியால் காலனியைக் குறுக்கும் நெடுக்கும் கட்டம் கட்டமாகக் கீற வேண்டும். மனித ஸ்டெம் செல் தனிமையைத் தாங்காது. ஒற்றைச் செல்லாகப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் தற்கொலை செய்துகொள்ளும். அதனால் சில பத்துச் செல்கள் கொண்ட துண்டாகவே எடுப்போம். முதல் நாள் மட்டும் மீடியத்தில் ராக் தடுப்பான் சேர்ப்போம், அந்தச் சாவைத் தடுக்க. கீறிய துண்டுகளைப் பிப்பெட் முனையால் லேசாக நெம்பினால் பாய் சுருள்வது போல் ஓரம் மடங்கி எழும். உறிஞ்சி எடுத்து, பெருகாமல் நிறுத்தி வைத்த எலிச் செல்கள் விரித்த புதுக் கிண்ணத்தில் விட வேண்டும். ஒரு காலனிக்கு எனக்குப் பத்து நிமிடம் ஆகும். அக்காவுக்கு இரண்டு.

11 எடுத்தேன். ஏழு பிடித்தன. வைரஸ் மரபணு அடங்கிவிட்டதா, சொந்த மரபணு ஓடுகிறதா என்பதைத் தனித்தனியே அளந்ததில் ஒன்று கழிந்தது. மீதி ஆறில் இரண்டை எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளின் உடலில் செலுத்தினோம். சில வாரங்களில் கட்டி வளர்ந்தது. வெட்டிச் சாயம் போட்டுப் பார்த்தபோது ஓரிடத்தில் குடல் போன்ற குழாய், ஓரிடத்தில் குருத்தெலும்பு, ஓரிடத்தில் நரம்புத் திசு. கருவின் மூன்று அடுக்குகளும் ஒரே கட்டியில். பார்க்கக் கோரமாக இருக்கும். ஆனால் எந்தச் செல்லாகவும் மாறும் என்பதற்கு அப்போது அதைவிடப் பலமான சான்று எங்களிடம் இல்லை.

இவ்வளவும் அந்தச் செல் ஸ்டெம் செல்தானா என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில். அது பத்திரமானதா என்பது வேறு கேள்வி. செருகப்பட்ட சி-மிக் பின்னொரு நாள் விழித்துக்கொண்டதால், 2007-இல் யாமனாகா குழு உருவாக்கிய கலப்பு எலிகளின் வாரிசுகளில் சுமார் 20 சதவீதத்துக்குக் கட்டி வந்தது. அதனால்தான் இன்று பலரும் டி.என்.ஏ.வில் செருகாத வழிகளுக்குப் போய்விட்டார்கள்: செல் பிரியப் பிரிய நீர்த்துப் போகிற சென்டாய் வைரஸ், அல்லது தானாகக் கழன்றுவிடும் வட்ட டி.என்.ஏ., அல்லது வெறும் ஆர்.என்.ஏ. இதெல்லாம் செய்தாலும், வளர்ப்பில் தானாக வருகிற மாற்றங்கள் இருக்கின்றன. 2014-இல் ஜப்பானில் மசாயோ தகாஹாஷி குழு, கண்ணின் விழித்திரைப் பாதிப்புள்ள ஒரு மூதாட்டிக்கு அவருடைய சொந்தத் தோலிலிருந்து செய்த செல் படலத்தை வைத்தது. இரண்டாவது நோயாளிக்குத் தயார் செய்த செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதால் அறுவையை நிறுத்தி வைத்தார்கள்.

என் ஆறில் ஒன்று, நாலாம் எண், மற்றவற்றைவிட நன்றாக வளர்ந்தது. உறையவைத்து எடுத்தாலும் சுணங்காமல் ஒட்டிக்கொள்ளும். யாராவது செல் கேட்டால் பெருமையாக அதைத்தான் கொடுப்பேன். இருபதாவது முறை பிரித்து வளர்த்த பிறகு குரோமோசோம் சோதனைக்கு அனுப்பினோம். 20-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு கூடுதலாக இருந்தது. அந்தத் துண்டில், செல்லைச் சாகவிடாமல் தடுக்கும் ஒரு மரபணு இருக்கிறது. உலகம் முழுக்க ஸ்டெம் செல் தட்டுகளில் அடிக்கடி தலைகாட்டுகிற மாற்றம்தான். சாகாத செல் மற்றதை முந்தி வளர்ந்து தட்டையே நிறைத்துவிடும். அதைத்தான் நான் நல்ல ஆரோக்கியம் என்று நினைத்து ஐந்து பேருக்குப் பகிர்ந்திருந்தேன்.

ஐந்து பேருக்கும் அன்றே எழுதினேன். அப்புறம் நாலாம் எண்ணின் தட்டுகளை எடுத்து வந்து ப்ளீச் ஊற்றினேன். ஊற்றுவதற்கு முன் ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்தேன். கூர்மையான ஓரம், பெரிய உட்கரு, பளிச்சென்ற புள்ளிகள், துளிப் பச்சை இல்லை. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.